அதே பரப்பளவில் படுக்கையறை கூடினால் விலை குறையுமா? ஹெடோனிக் ரிக்ரஷனில் கெழுக்களைப் படிப்பது பற்றி

#1 வெண்பனி

வணக்கம். ஒரு நகரத்தில் ஒரே ஆண்டில் விற்ற 1840 ஃபிளாட்களின் விவரம் கையில் இருக்கிறது. விலை, பரப்பளவு, படுக்கையறை, குளியலறை, கட்டடத்தின் வயது, எந்தத் தளம், லிஃப்ட் உண்டா இல்லையா, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று எல்லாம் இருக்கிறது. மொத்தம் 140 கட்டடங்கள், 22 வட்டாரங்கள். வீட்டு விலையில் ஒவ்வொரு அம்சத்துக்கும் எவ்வளவு போகிறது என்று பிரித்துப் பார்க்கும் ஹெடோனிக் ரிக்ரஷனை, விலையை லாக் எடுத்து ஓட்டினேன்.

```r
m1 <- lm(log(price) ~ log(area) + beds + baths + age +
           floor + lift + dist, data = d)
```

```
             கெழு     திட்டப்பிழை
log(area)    0.920    0.020
beds        -0.043    0.009
baths        0.051    0.010
age         -0.008    0.001
floor        0.004    0.003
lift         0.260    0.015
dist (km)    0.021    0.004
```

மூன்று இடங்களில் தடுமாறுகிறேன். படுக்கையறைக்கு மைனஸ் வருகிறது. ரயில் நிலையத்திலிருந்து தள்ளிப் போகப் போக விலை ஏறுகிறது. லிஃப்டுக்கு மட்டும் 26% என்பது ரொம்ப அதிகமாகத் தெரிகிறது. அலுவலகத்தில் காட்டினால் "தரவில் கோளாறு, முதலில் அதைச் சரிபார்" என்கிறார்கள். வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டேன், விவரங்கள் சரியாகத்தான் இருக்கின்றன. இந்த எண்களை எப்படிப் படிப்பது?

#2 கணக்கன்

இது மல்டிகாலினியாரிட்டி. பரப்பளவும் படுக்கையறையும் ஒன்றோடொன்று ஒட்டியே ஏறும், அதனால் ரிக்ரஷனுக்கு எது எதன் வேலை என்று பிரிக்கத் தெரியாது, குறி தலைகீழாகப் போய்விடும். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். பரப்பளவை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், படுக்கையறை உடனே பிளஸ் ஆகும்.

#3 வெண்பனி

ஓட்டிப் பார்த்தேன் கணக்கன். பரப்பளவை எடுத்தால் படுக்கையறை +0.21 ஆகிறது. அப்படியானால் இதுதான் சரியான எண்ணா?

#4 அளவுகோல்

வெண்பனி, அந்த +0.21-ஐத் தயவுசெய்து எங்கும் எழுதி வைக்காதீர்கள். உங்கள் முதல் எண்தான் பொருளுள்ளது.

-0.043 என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். மாடலில் பரப்பளவு இருக்கும்போது, படுக்கையறையின் கெழு பரப்பளவு மாறாத இரண்டு வீடுகளை ஒப்பிடுகிறது. ஒன்று 1000 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, இன்னொன்று அதே 1000 சதுர அடியில் மூன்று. மூன்றாவது அறைக்கு இடம் எங்கிருந்து வந்தது? கூடத்தைச் சுருக்கியிருப்பார்கள், அல்லது மூன்று அறையுமே கட்டிலும் அலமாரியும் போட்டால் நடக்க இடமில்லாத அளவுக்கு இருக்கும். அந்தச் சந்தையில் வாங்குபவர்கள் அதே இடத்தை மேலும் துண்டு போடுவதற்குக் கூடுதலாகக் கொடுக்கவில்லை, சுமார் 4% குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். இதில் கோளாறு எதுவும் இல்லை.

உங்கள் அலுவலகத்தார் மனத்தில் இருப்பது வேறு கேள்வி: "ஒரு படுக்கையறை சேர்த்துக் கட்டினால் விலை எவ்வளவு ஏறும்?" அதற்கு இரண்டு கெழுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1000 சதுர அடி வீட்டோடு 120 சதுர அடியில் ஓர் அறை சேர்ந்தால் பரப்பளவால் வருவது 0.92 × ln(1.12), அதாவது 0.104. அறை எண்ணிக்கையால் போவது 0.043. மிச்சம் 0.061, ஏறக்குறைய 6% ஏற்றம். உங்கள் மாடல் கூடுதல் அறைக்கு விலை இல்லை என்று சொல்லவே இல்லை. அந்த விலையின் பெரும்பகுதி இடத்துக்குப் போகிறது, சுவருக்கு இல்லை என்கிறது.

கணக்கன் சொன்னதில் பாதி சரி, இரண்டு மாறிகளும் ஒட்டியே ஏறுகின்றன. ஆனால் அதனால் திட்டப்பிழை பெருகும், அவ்வளவுதான். கெழு ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடாது. இங்கே திட்டப்பிழை 0.009, கெழு அதைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. 1840 வரிசையில் பிரித்துக் காட்டும் அளவுக்குத் தகவல் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பரப்பளவை எடுத்ததும் நடந்தது வேறு. -0.043-லிருந்து 0.21-க்குத் தாவியது 0.253. அதைப் பரப்பளவின் கெழுவான 0.92-ஆல் வகுத்தால் 0.275, லாக்கிலிருந்து சதவீதத்துக்கு மாற்றினால் exp(0.275) − 1, அதாவது 32%. உங்கள் தரவில் படுக்கையறை ஒன்று கூடும்போது பரப்பளவு சராசரியாக 32% கூடுகிறது என்பதுதான் அந்த எண். படுக்கையறையின் கெழு பரப்பளவின் விலையையும் சேர்த்துச் சுமக்கிறது. குறி பிளஸ் ஆனதால் எண் சரியாகிவிடவில்லை.

#5 கணக்கன்

குறி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கவலை முழுசாகப் போகவில்லை. 600 சதுர அடியில் நாலு படுக்கையறை யாரும் கட்டுவதில்லை, 2000 சதுர அடியில் ஒரே அறையும் இருக்காது. அப்படியிருக்க "பரப்பளவு மாறாமல்" என்று சொல்வது எல்லா இடத்திலும் செல்லுபடியாகுமா?

#6 அளவுகோல்

செல்லாது. இது நல்ல கேள்வி. வெண்பனி, பரப்பளவை 200 சதுர அடிப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை அறைகள் வருகின்றன என்று ஒரு அட்டவணை போடுங்கள். இரண்டும் மூன்றும் கலந்து வருகிற பட்டைகளில் மட்டும்தான் -0.043-க்கு ஆதாரம் இருக்கிறது. மற்ற இடங்களில் அது நேர்கோட்டை இழுத்து நீட்டியதுதான். பெரிய வீடுகளில் இதே கெழு பிளஸ்ஸாகக்கூட மாறலாம். 2000 சதுர அடியில் இரண்டே அறை என்றால் வாங்குபவர் மூன்றாவதைக் கேட்பார். பரப்பளவையும் அறையையும் பெருக்கி ஒரு மாறி சேர்த்தால் தெரிந்துவிடும்.

#7 செங்கல்

நான் மதிப்பீட்டு வேலையில் இருப்பவன். ரிக்ரஷன் அதிகம் தெரியாது, ஆனால் தரவைப் பற்றி இரண்டு கேள்வி. "விலை" என்று வைத்திருப்பது விளம்பரத்தில் கேட்ட விலையா, கைமாறிய விலையா? "பரப்பளவு" என்பது வீட்டுச் சுவருக்குள் இருப்பதா, மாடிப்படி, நடைபாதை, லிஃப்ட் கூண்டு எல்லாவற்றிலும் வீட்டுக்கு வரும் பங்கையும் சேர்த்ததா? நாங்கள் ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் டேப் பிடித்து அளப்பது இதற்காகத்தான். தாளில் 1200, உள்ளே 900 என்பது சர்வ சாதாரணம்.

#8 வெண்பனி

விலை கைமாறிய விலை, பத்திரத்தில் உள்ளது. பரப்பளவு பொது இடப் பங்கையும் சேர்த்தது. இது கெழுக்களைப் பாதிக்குமா?

#9 அளவுகோல்

செங்கல் கேட்டது முக்கியம். பத்திரத்தில் எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்டியிருந்தால் தொல்லையில்லை. லாக் எடுத்த மாடலில் அது மாறிலியில் போய் அடங்கிவிடும். விலை கூடக்கூட அதிகமாக மறைக்கிறார்கள் என்றால் எல்லாக் கெழுக்களும் சுருங்கும். அப்போது பரப்பளவின் 0.92-ஐக்கூட முழுசாக நம்ப முடியாது.

பரப்பளவு விஷயம் லிஃப்டைத் தொடுகிறது. லிஃப்ட் உள்ள கட்டடங்களில் பொது இடம் அதிகம், அதனால் தாளில் உள்ள பரப்பளவு ஊதியிருக்கும். 1200 என்று எழுதியிருக்கும் லிஃப்ட் வீடும், 1200 என்று எழுதியிருக்கும் மாடிப்படி வீடும் உள்ளே ஒரே அளவு இல்லை, லிஃப்ட் வீடுதான் சிறியது. இது லிஃப்டின் கெழுவைக் கீழே இழுக்கும். ஆனால் அதை மேலே தள்ளும் காரணங்கள் இதைவிடப் பலமானவை. வயதுக்கு மாறி இருக்கிறது சரி, கட்டுமானத் தரம், வாகன நிறுத்தம், காவலாளி, ஜெனரேட்டர் இவை எதற்கும் உங்களிடம் மாறி இல்லை. லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் இவையும் சேர்ந்தே இருக்கும்.

இன்னொன்று, 0.26-ஐ அப்படியே 26% என்று படிக்க வேண்டாம். உண்டு, இல்லை என்ற மாறிக்கு exp(0.26) − 1 எடுக்க வேண்டும், அது 30% வரும். ஹால்வோர்சனும் பாம்க்விஸ்டும் 1980-லேயே இதைச் சுட்டிக்காட்டி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். 0.05 அளவில் வித்தியாசம் தெரியாது, 0.26-இல் தெரியும்.

#10 மாடிவீடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. எங்கள் கட்டடம் நாலு தளம், தரைத்தளமும் மேலே மூன்றும். லிஃப்ட் கிடையாது. நான் மூன்றாவது தளத்தில் இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வாரம் ஒரு தடவைதான் கீழே இறங்குகிறார். வெளிப்புறமாக ஒரு லிஃப்ட் போடலாம் என்று எல்லோரும் கூடிப் பேசினோம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் காசு தர மாட்டோம் என்கிறார்கள். "லிஃப்ட் வந்தால் உங்கள் வீட்டு விலையும் 30% ஏறும்" என்று இந்த இழையைக் காட்டி அவர்களிடம் சொல்லலாமா?

#11 அளவுகோல்

சொல்ல வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வியில்தான் வெண்பனியின் மூன்றாவது புதிருக்கு விடை இருக்கிறது.

தரைத்தளத்தில் இருப்பவருக்கு லிஃப்டால் என்ன பயன்? மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகலாம், அவ்வளவுதான். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் மட்டும் அவருக்கும் பங்கு உண்டு. ஆக லிஃப்டின் விலை தரைத்தளத்தில் பூஜ்யம் அல்லது கொஞ்சம் மைனஸாக இருக்க வேண்டும். வெண்பனி, தரைத்தள வீடுகளை மட்டும் எடுத்து அதே ரிக்ரஷனை ஓட்டுங்கள். அங்கேயும் லிஃப்டுக்கு நல்ல பெரிய எண் வந்தால், அது லிஃப்டின் விலை இல்லை. லிஃப்ட் இருக்கும் மாதிரியான கட்டடத்தின் விலை.

#12 வெண்பனி

தரைத்தளத்தில் 310 வீடுகள். அவற்றில் லிஃப்டின் கெழு 0.12!

#13 அளவுகோல்

சரி, பிடித்துவிட்டோம். ஒரு படிகூட ஏறாதவர்கள் லிஃப்டுக்காக 12-13% அதிகம் கொடுத்திருக்க மாட்டார்கள். கட்டடத்தின் பொதுவான தரமும் அது இருக்கும் வட்டாரமும்தான் அந்த எண்ணில் வருகின்றன.

இப்போது அடுத்த படி. ஒரு கட்டடத்தின் தரம் அதன் எல்லாத் தளங்களுக்கும் பொது. லிஃப்டின் பயனோ தளம் ஏற ஏறக் கூடும். எனவே லிஃப்டையும் தளத்தையும் பெருக்கி மாடலில் போடுங்கள், அந்தப் பெருக்கத்தின் கெழுவைத்தான் லிஃப்டின் விலையாகப் படிக்க வேண்டும். வட்டாரத்துக்கும் டம்மி போடுங்கள், அதாவது ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உண்டு, இல்லை என்று ஒரு மாறி. தளம் 4-க்கு மேல் உள்ள வீடுகளை ஒதுக்கிவிடுங்கள். பத்தாவது தளத்தில் லிஃப்ட் இல்லாத வீடு உங்கள் தரவில் ஒன்றுகூட இருக்காது, ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் மாடல் சொல்லும் எண்ணுக்கு ஆதாரம் கிடையாது.

திட்டப்பிழையைக் கட்டடவாரியாகக் கணக்கிட வேண்டும். முதல் அட்டவணையில் லிஃப்டுக்கு 0.015 என்று இருக்கிறதே, அது 1840 வீடுகளும் தனித்தனிச் சாட்சிகள் என்று நினைத்துப் போட்ட எண். லிஃப்ட் கட்டடத்துக்குக் கட்டடம்தான் மாறுகிறது. சாட்சிகள் 140 பேர்தான்.

```r
library(fixest)
m2 <- feols(log(price) ~ log(area) + beds + baths + age +
              lift * floor + top + dist | locality,
            data = subset(d, floor <= 4), cluster = ~bldg)
```

`top` என்று நான் சேர்த்திருப்பது கட்டடத்தின் கடைசித் தளத்துக்கு. மாடிப்படிக் கட்டடத்தில் மூன்றாவது தளம் என்றால் பெரும்பாலும் அதுவே உச்சி. மேல்தளச் சூடும் மழைக்கசிவும் அங்கே விலையைக் குறைக்கும். அதைத் தனியே எடுக்காவிட்டால், லிஃப்ட் இல்லாததால் வந்த குறைவு என்று தப்பாகப் படித்துவிடுவோம்.

#14 ஆதவன்77

எதற்கு இத்தனை சுற்று? முதல் மாடலின் R² எவ்வளவு? 0.85-க்கு மேலே இருந்தால் மாடல் நன்றாகப் பொருந்துகிறது, கெழுக்களையும் நம்பலாம். விலையைச் சரியாகக் கணிக்கிறதா என்பதுதானே கேள்வி.

#15 வெண்பனி

R² 0.87. ஆனால் எனக்கு ஒரு வீட்டின் விலையைக் கணிக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு அம்சத்துக்கும் எவ்வளவு போகிறது என்பதுதான் வேண்டும்.

#16 அளவுகோல்

ஆதவன், கணிப்புக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது போதும். லிஃப்ட் இருப்பது நல்ல கட்டடத்தின் அடையாளமாக இருந்தாலும் கணிப்பு சரியாகவே வரும், சொல்லப்போனால் அதனாலேயே நன்றாக வரும். ஆனால் மாடிவீட்டின் கட்டடத்தில் ஒரு லிஃப்டை மாட்டினால் அந்த அடையாளத்தின் விலை கூடவே வராது. R² 0.87-ஆக இருக்கும் அதே மாடலில்தான் தரைத்தளத்து லிஃப்ட் 0.12 என்று வந்தது.

#17 வெண்பனி

புது மாடல் ஓடிவிட்டது. தேவையானவை மட்டும்:

```
             கெழு     திட்டப்பிழை
beds        -0.038    0.011
lift         0.060    0.041
floor       -0.034    0.009
lift:floor   0.041    0.012
top         -0.029    0.012
dist (km)   -0.030    0.014
```

தூரத்தின் குறி மாறிவிட்டது! லிஃப்டை நான் படிப்பது இப்படி: லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் தளத்துக்குத் தளம் 3.4% குறைகிறது, லிஃப்ட் இருந்தால் அந்தக் குறைவு மறைந்து கொஞ்சம் ஏறவும் செய்கிறது. சரியா?

#18 அளவுகோல்

மிகச் சரி. தரைத்தளத்தில் லிஃப்டின் எண் 0.060, அதன் திட்டப்பிழையோ 0.041, பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. முன்பு 0.12 இருந்ததில் ஒரு பகுதியை வட்டார டம்மி எடுத்துக்கொண்டது. மிச்சத்தையும் நான் கட்டடத் தரம் என்றே வைப்பேன். மூன்றாவது தளத்துக்கு லிஃப்டின் விலை 3 × 0.041 = 0.123, சுமார் 13%. முதல் தளத்துக்கு 4%. 30% என்று ஆரம்பித்தது இங்கே வந்து நிற்கிறது.

மாடிவீடு, நீங்கள் அக்கம்பக்கத்தாரிடம் காட்டக்கூடியது இதைத்தான். தரைத்தளத்துக்கு ஏற்றம் இல்லை, அவர்கள் மறுப்பதற்குச் சந்தையிலேயே நியாயம் இருக்கிறது. முதல் தளத்துக்கு ஒரு பங்கு, இரண்டாவதுக்கு இரண்டு, உங்களுக்கு மூன்று என்று செலவைப் பிரித்தால் இந்த எண்களோடு ஒத்துப்போகும். ஆனால் இது முதலிலேயே லிஃப்டோடு கட்டிய வீடுகளிலிருந்து வந்த விலை. வெளியே கூண்டு வைத்து ஒட்டும்போது யாருடைய சன்னல் வெளிச்சம் மறையும் என்பதெல்லாம் இதில் இல்லை.

#19 மாடிவீடு

ரொம்ப நன்றி. கூண்டு வரப்போவது தரைத்தளத்து அடுக்களைச் சன்னலுக்கு முன்னால்தான். அவர்கள் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது. அந்த வீட்டுக்குக் கட்டணத்தில் விலக்கு கொடுத்து, வெளிச்சத்துக்கு ஏதாவது ஈடு செய்யலாமா என்று பேசிப் பார்க்கிறேன்.

#20 தாழை

தூரத்துக்கு யாரும் வரவில்லையே. நான் போக்குவரத்துத் திட்டமிடலில் இருக்கிறேன், எங்களுக்கு அதுதான் முக்கியம். வட்டார டம்மி இல்லாதபோது நிலையத்திலிருந்து தள்ளிப் போனால் விலை ஏறியது, டம்மி போட்டதும் இறங்குகிறது. காரணம் சுலபம். நிலையங்களைச் சுற்றி இருப்பவை பழைய, நெருக்கடியான வட்டாரங்கள். தள்ளி இருப்பவை அகலத் தெருவும் மரங்களுமாகப் பின்னால் உருவானவை. டம்மி போட்டதும் ஒரே வட்டாரத்துக்குள் கிட்ட இருப்பதையும் எட்ட இருப்பதையும் மட்டும் ஒப்பிடுகிறோம். கிலோமீட்டருக்கு 3% என்பது நம்பக்கூடிய எண். இதை நிலையத்தைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளுக்கும் பெருக்கிக் கூட்டினால், புது நிலையத்தால் மக்களுக்கு வரும் பயனைச் சொல்லிவிடலாம்.

#21 செங்கல்

தூரத்தை எப்படி அளந்தீர்கள்? வரைபடத்தில் நேர்கோடா? நான் மதிப்பிட்ட ஒரு வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நேர்கோட்டில் 150 மீட்டர், ரயில் அறிவிப்பு படுக்கையறைக்குள் கேட்கும். ஆனால் கடப்பதற்கு மேம்பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும், நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். சத்தம் முழுசாக வருகிறது, நிலையத்தின் பயன் வரவில்லை. வாங்க வந்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்துக் கேட்டார்கள்.

#22 வெண்பனி

நேர்கோடுதான். நடைதூரம் எடுக்கப் பார்க்கிறேன்.

#23 அளவுகோல்

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் வெண்பனி. நேர்கோட்டுத் தூரம் சத்தத்துக்கு, நடைதூரம் பயன்பாட்டுக்கு. செங்கல் சொன்ன மாதிரி வீடுகள் இருப்பதால்தான் இரண்டையும் பிரிக்கவே முடிகிறது. நடைதூரத்தைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே கோடாகப் போடாமல் 500 மீட்டர் வரை, ஒரு கிலோமீட்டர் வரை, அதற்கு மேல் என்று பட்டைகளாகப் போடுங்கள். மூன்று கிலோமீட்டரும் நான்கு கிலோமீட்டரும் நடப்பவருக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் வண்டி வேண்டும்.

வட்டார டம்மி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வட்டாரத்துக்குள்ளேயே நிலையத்துப் பக்கம் கடைத்தெருவும் மறுபக்கம் பூங்காவும் இருந்தால் அது தூரத்தின் கெழுவில்தான் வந்து சேரும். எல்லையை வைத்துச் செய்யும் முறை இதனால்தான் பிரபலமானது. சாண்ட்ரா பிளாக் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டனின் புறநகர்ப் பகுதிகளில் பள்ளிச் சேர்க்கை எல்லைக்கு இருபுறமும் ஒட்டியிருந்த வீடுகளை மட்டும் ஒப்பிட்டார். சுற்றுப்புறம் ஒன்றே, பிள்ளைகள் போகும் தொடக்கப் பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5% கூடினால் வீட்டு விலை 2.5% கூடுகிறது என்று வந்தது. வழக்கமான ஹெடோனிக் ரிக்ரஷன் தருவதைவிட இது நன்றாகவே குறைவு. நல்ல பள்ளி இருக்கும் இடத்தின் மற்ற நன்மைகளும் பள்ளியின் கணக்கில் ஏறியிருந்தன என்பது தெரிந்தது. ரயில் நிலையத்துக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. நிலையம் திறக்கும் முன்னும் பின்னும் விற்ற வீடுகள் கிடைத்தால்தான் கிட்டத்தட்ட அந்த அளவுக்குச் சொல்ல முடியும்.

தாழை, நீங்கள் சொன்ன கூட்டல் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. ஷெர்வின் ரோசன் 1974-இல் இந்தக் கெழுக்களுக்கு ஒரு பொருள் கொடுத்தார். நிலையத்துக்குக் கொஞ்சம் கிட்ட இருப்பதற்கான சந்தை விலை, அங்கே வாங்கிய ஆள் அந்தக் கடைசித் துளிக்குக் கொடுக்கத் தயாராக இருந்த அளவுக்குச் சமம். அந்த ஒரு புள்ளியில் மட்டும்தான் சமம். ரயிலில் தினம் போகிறவர்தான் நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்குவார். வீட்டிலிருந்தே வேலை செய்பவர் எட்ட வாங்குவார். பக்கத்தில் வாங்கியவர் கொடுத்ததை எல்லோர் தலையிலும் பெருக்கினால், ரயிலே ஏறாதவருக்கும் அதே பயன் வந்ததாகக் கணக்கு எழுதுகிறோம்.

#24 தாழை

புரிகிறது, ஆனால் முழுசாக ஏற்க முடியவில்லை. ஒரு நகரத்தில் ஒரே ஒரு நிலையம் புதிதாக வந்தால், மொத்தச் சந்தையில் அது சின்ன மாற்றம். விலைக் கோடு அப்படியே இருக்கும், நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் விலை மட்டும் அந்தக் கோட்டின்மேல் நகரும். ரயில் வேண்டாதவர் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போவார், வேண்டியவர் வருவார். இடம்பெயரும் செலவு சின்னது என்றால், அந்த விலை ஏற்றத்தைக் கூட்டியது பயனுக்கு நல்ல தோராயம்தானே? எல்லோருடைய விருப்பமும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

#25 அளவுகோல்

ஒரு நிலையத்துக்கு, வீடு மாற்றுவது சுலபம் என்றால், ஆமாம். அந்த நிபந்தனையோடு ஏற்கிறேன். நகரம் முழுவதும் நாற்பது நிலையம் வரும் திட்டத்துக்கு இதே 3%-ஐ எடுத்துப் பெருக்குவார்கள் என்பதுதான் என் பயம். நிலையம் எங்கும் இருந்தால் அதற்கென்று தனி விலை இருக்காது, கோடே மாறிவிடும். பெரிய மாற்றத்தின் பயனைச் சொல்ல ஆட்களின் விருப்பக் கோடு வேண்டும். ஒரே சந்தையின் தரவிலிருந்து அதை எடுப்பது எவ்வளவு சிக்கல் என்று 1987-இல் பார்ட்டிக், எப்பிள் இருவரும் தனித்தனியாக எழுதினார்கள். தன் விருப்பத்துக்கு ஏற்ற தூரத்தையும் அதன் விலையையும் வாங்குபவர் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுப்பதுதான் அதில் உள்ள சிக்கல்.

#26 தாழை

நாங்கள் கணக்குப் போடும் திட்டத்தில் ஒன்பது நிலையங்கள். அது சின்னதா பெரியதா என்று எதை வைத்து முடிவு செய்வது?

#27 அளவுகோல்

அதற்கு ஒரு பொது விதி என்னிடம் இல்லை. பழைய நிலையங்களுக்குப் பக்கத்து வீடுகளின் விலை புது நிலையங்கள் வந்தபின் இறங்குகிறதா என்று பார்ப்பேன். இறங்கினால் கோடு நகர்கிறது, அப்புறம் கூட்டல் கணக்கு செல்லாது. ஆனால் அதைத் திட்டம் முடிந்தபின்தான் பார்க்க முடியும், உங்களுக்கு முன்னாலேயே எண் வேண்டும்.

#28 கணக்கன்

மீண்டும் படுக்கையறைக்கே வருகிறேன். வெண்பனி, அந்தப் பட்டை அட்டவணை போட்டீர்களா?

#29 வெண்பனி

போட்டேன். 800 முதல் 1400 சதுர அடி வரை இரண்டும் மூன்றும் நன்றாகக் கலந்திருக்கின்றன. அங்கே மட்டும் ஓட்டினால் -0.049. 1600-க்கு மேலே 118 வீடுகள்தான், அங்கே +0.017, திட்டப்பிழை 0.030. ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அலுவலகத்துக்கு 800-1400-க்கான எண்ணை மட்டும் கொடுக்கிறேன், கூடவே அறை சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்ற அந்த 6% கணக்கையும் புது எண்களை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். நடைதூரம் கிடைத்ததும் இங்கேயே பதிகிறேன்.